சுமத்திரா காற்றும் பத்து நிமிடப் படமும்

 

அறிவியல் நாளில் செயற்கைக்கோளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். செயற்கைக்கோள் பெரிய கடல். அதை முழுவதும் நீந்திக் காட்ட இந்த அரைமணி நேரம் போதாது. எனவே ஒரே ஒரு காற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காற்று வருவதை அந்தச் செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கிறது? அது காட்டும் படத்தை வைத்து நம் கோலசிலாங்கூர்ப் பக்கத்துப் பாசிர் பெனம்பாங் மீனவர் என்ன செய்யலாம்? புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து மண்டோர் என்ன செய்யலாம்? செகிஞ்சான் நெல் விவசாயி என்ன செய்யலாம்? எந்த இடத்தில் அந்தப் படம் நம்மை ஏமாற்றும்? இவ்வளவுதான் இன்று என் பேச்சு.

அந்தக் காற்று எது? உங்களுக்குத் தெரியாத காற்று இல்லை. ஜூன், ஜூலை மாதத்து இரவு. மாலை முழுக்க வானம் தெளிவு. நட்சத்திரம் தெரிகிறது. ஓர் இலைகூட அசையவில்லை. புழுக்கம். விடியற்காலை நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ, எந்தச் சேதியும் சொல்லாமல், கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஒன்று அறைகிறது. வாழை சாய்கிறது. கூரைத் தகரம் படபடக்கிறது. சில நிமிடங்களில் மழை கொட்டுகிறது, இடி இடிக்கிறது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பிறகு தூறல். எட்டு, ஒன்பது மணிக்கு ஒன்றும் நடக்காதது போல் வெளுத்துவிடுகிறது. மலாய்க்காரர்கள் இதை அங்கின் சுமத்தெரா என்கிறார்கள். நாமும் சுமத்திரா காற்று என்றே சொல்வோம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இது நம் மேற்குக் கரையைத் தட்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கூடுதலாகத் தட்டும். காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டர் வரைகூடப் போகும்.

இது ஏன் பெரும்பாலும் இரவின் கடைசியில் வருகிறது? பகலில் வந்தால் என்ன? இதற்கு நம் ஊரின் இருப்பிடமே காரணம். நமக்கு மேற்கே மலாக்கா நீரிணை. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்திரா. இந்தப் பக்கம் நாம். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்கிறது, கடல் வெப்பத்தை விடாமல் வைத்திருக்கிறது. குளிர்ந்த நிலத்திலிருந்து காற்று கடலை நோக்கி இறங்குகிறது. சுமத்திராவிலிருந்தும் இறங்குகிறது, நம் பக்கமிருந்தும் இறங்குகிறது. இரண்டு கரைக் காற்றும் நீரிணையின் நடுவில் வெதுவெதுப்பான நீரின் மேல் மோதுகின்றன. மோதிய காற்றுக்குப் போக வேறு வழி இல்லை. மேலேதான் எழ வேண்டும். எழுகிறது, மேகமாகிறது, மேகங்கள் தோளோடு தோள் சேர்ந்து வடக்கு தெற்காக நீண்ட ஒரு வரிசையாகின்றன. தென்மேற்குக் காற்று அந்த வரிசையை முதுகில் தள்ளுகிறது. அது நம்மை நோக்கி நகர்கிறது. இதற்கு இரவு முழுவதும் ஆகிறது. அதனால்தான் விடியலில் வந்து சேர்கிறது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கூத்து முழுவதும் எங்கே நடக்கிறது? கடலின் நடுவில். எப்போது நடக்கிறது? நள்ளிரவில். அங்கே மழைமானி கிடையாது. காற்றுமானி கிடையாது. பார்க்க ஆள் கிடையாது. நம் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அது கடலில் போகிறவனுக்குக் கரையைக் காட்டியது. கரையில் இருப்பவனுக்குக் கடலில் என்ன வருகிறது என்று அது காட்ட முடியாது. நம் தாத்தா காலத்து மீனவர் மின்னலைப் பார்த்தார், மேற்கே அடிவானம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தார், காற்று திடீரென்று நின்றுவிட்டதா என்று பார்த்தார். அந்த அறிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மின்னல் கண்ணில் படும்போது வரிசை பெரும்பாலும் நெருங்கிவிட்டிருக்கும். அவருக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

சரி, யார் பார்ப்பது? ஜப்பான் வானிலை நிறுவனத்தின் ஹிமாவாரி செயற்கைக்கோள் பார்க்கிறது. ஹிமாவாரி 8 என்பது 2014 அக்டோபரில் ஏவப்பட்டு, 2015 ஜூலையில் வேலையைத் தொடங்கியது. அடுத்தது ஹிமாவாரி 9; அது 2016 நவம்பரில் போனது, 2022 டிசம்பரில் பொறுப்பை ஏற்றது. பப்புவா தீவுக்குச் சற்று வடக்கே, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. அந்த உயரத்தில் பூமியைச் சுற்றிவரச் சரியாக ஒரு நாள் ஆகிறது. பூமியும் ஒரு நாளில் சுழல்கிறது. ஆகவே நமக்கு அது நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது. இந்த மண்டபத்துக்கு வெளியே வந்து கிழக்கே திரும்பி, தலையைப் பாதி உயர்த்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அந்தத் திசையில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தன் பக்கத்துப் பூமி முழுவதையும் படமெடுத்து அனுப்புகிறது. அந்தப் படங்கள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலேயே கிடைக்கின்றன. கைப்பேசி இருந்தால் போதும்.

இருட்டில் எப்படிப் படமெடுக்கிறது? நல்ல கேள்வி, மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. இரவில் அது ஒளியைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியே விடுகிறது. கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் கூடுதலாக விடுகிறது. உயரமான மேகத்தின் உச்சி உறைந்து கிடப்பதால் குறைவாக விடுகிறது. செயற்கைக்கோள் அந்த வேறுபாட்டை அளந்து, குளிர்ந்ததை வெள்ளையாகவும் சூடானதைக் கறுப்பாகவும் தீட்டிக் காட்டுகிறது. சில தளங்களில் வண்ணம் பூசியிருப்பார்கள். தளத்துக்குத் தளம் வண்ணம் மாறும். ஆகவே ஓரத்தில் இருக்கும் அளவுகோலைப் படிக்காமல் சிவப்பைக் கண்டு பயப்படவும் கூடாது, நீலத்தைக் கண்டு அசட்டையாக இருக்கவும் கூடாது.

அந்தக் குளிரிலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது? உயரம் கிடைக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். தரையில் இரவு வெப்பம் 27 பாகை. மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். படத்தில் ஒரு மேகத்தின் உச்சி பூச்சியத்துக்குக் கீழே 70 பாகை என்று காட்டுகிறது. 27க்கும் அதற்கும் வித்தியாசம் 97 பாகை. 97ஐ 6.5ஆல் வகுத்தால் சுமார் 15. அப்படியானால் அந்த மேகம் 15 கிலோமீட்டர் உயரம் எழுந்து நிற்கிறது! எவரெஸ்ட் சிகரம் ஒன்பது கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு உயரத்துக்கு நீரைத் தூக்கிய மேகம் அந்த நீரையும் அதோடு குளிர்ந்த காற்றையும் கீழே கொட்டத்தான் செய்யும். அந்தக் குளிர்ந்த காற்று தரையில் மோதி முன்னால் பாய்வதுதான் நம் தகரத்தைப் படபடக்க வைக்கும் முதல் அறை.

ஆனால் ஒரு படத்தை மட்டும் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒரு படம் இருப்பதைச் சொல்லும், போவதைச் சொல்லாது. குறைந்தது மூன்று படம் வேண்டும், அரைமணிக்கு ஒன்றாக. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, குளிர்ந்த பகுதி பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்று தெரியும். அதன் கிழக்கு விளிம்பு கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருந்து, நம் பக்கம் வில்லாக வளைந்து வருகிறதா? அப்படியானால் அது உயிரோடு வருகிறது. உச்சி 75 பாகைக் குளிரிலிருந்து 60 பாகைக் குளிருக்குச் சூடேறி, விளிம்பு பஞ்சாகப் பிய்ந்து கலைகிறதா? அப்படியானால் அது நீரிணையிலேயே செத்துக்கொண்டிருக்கிறது. நமக்குத் தூறலோ, வெறும் மேகமூட்டமோதான் மிஞ்சும். சுமத்திரா காற்றில் நமக்குச் சாதகமான ஒரு குணம் உண்டு. அந்த மாதங்களில் மேல்வானத்தில் பெரும்பாலும் கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. அது மேகத்தின் உச்சியைப் பின்னால், மேற்கே, இழுத்துவிடுகிறது. ஆகவே நம் பக்கத்து விளிம்புக்கு அருகிலேயே மழையின் முகம் இருக்கும். விளிம்பை அளந்தால் ஏறக்குறைய மழையை அளந்தது போல.

இப்போது ஓர் இரவை எடுத்துக்கொண்டு கணக்கை நடத்திப் பார்ப்போம். பயிற்சிக்காக நான் அமைத்த இரவு இது. நேரம் காலை 2 மணி. கோலசிலாங்கூர் கரைக்கு நேர் மேற்கே வரிசையின் விளிம்பு 110 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 3 மணிப் படத்தில் அது 70 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர். மீதி 70 கிலோமீட்டருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். ஆக 4 மணி 45 நிமிடத்துக்கு வந்து சேரும். கணக்கு சரிதானே?

கணக்கு சரி. முடிவு தவறு! அந்தத் தவறில் உயிர் போகலாம். எங்கே தவறு? இரண்டு இடத்தில்.

முதலாவது கடிகாரம். பல தளங்களில் படத்தின் மூலையில் இருக்கும் நேரம் நம் நேரம் அல்ல. UTC என்று போட்டிருக்கும். அது நமக்கு எட்டு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. 18:00 UTC என்றால் நமக்கு அதிகாலை 2 மணி. அதுவும் மறுநாள் அதிகாலை. இதைக் கவனிக்காதவர் பல மணி நேரத்துக்கு முந்திய படத்தைப் புதுப்படம் என்று நினைத்துக்கொண்டு கடலுக்குப் போவார். அத்துடன், படமெடுத்து, அனுப்பி, நம் கைக்கு வருவதற்குள் சில நிமிடங்கள் கழிந்துவிடும். 3 மணிப் படத்தை 3 மணிக்கே யாரும் பார்க்க முடியாது.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. செயற்கைக்கோள் நமக்கு நேர் தலைக்கு மேலே இல்லை, கிழக்கே சாய்ந்திருக்கிறது. சாலையின் கிழக்கு ஓரத்தில் மாடியில் நின்று எதிரே ஒரு விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். கம்பத்தின் உச்சி, அதற்கும் பின்னால், மேற்கே இருக்கும் வீட்டுச் சுவரின் மேல் பதிந்தாற்போல் தெரியும். ஆனால் கம்பம் முன்னால்தான் நிற்கிறது. அதே கதைதான் இங்கே. 15 கிலோமீட்டர் உயரமான மேகத்தின் உச்சியைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் பார்க்கிறது. அதனால் படத்தில் அந்த மேகம், அது உண்மையில் இருக்கும் இடத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர் மேற்கே தள்ளி விழுகிறது. நமக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? மேற்கிலிருந்து. ஆகவே வரிசை நம்மிடமிருந்து எவ்வளவு தூரம் என்று படம் சொல்கிறதோ, அதைவிட 15 கிலோமீட்டர் நெருக்கத்தில் அது வந்துவிட்டிருக்கிறது.

திரும்பக் கணக்குப் போடுங்கள். 3 மணிக்கு 70 அல்ல, 55 கிலோமீட்டர். மணிக்கு 40 வேகம். 4 மணி 20 நிமிடத்துக்கெல்லாம் மேகத்தின் முகம் கரையில். மழைக்கு முன்னால் பாயும் காற்று அதற்கும் சில நிமிடம் முந்தி. கரையிலிருந்து எட்டு, பத்து கிலோமீட்டர் வெளியே வலை விரித்திருக்கும் படகுக்கு இன்னும் முந்தி. 4 மணி 45 என்று நம்பியிருந்தவருக்கு அரைமணி நேரம் காணாமல் போய்விட்டது! சிறு சம்பான் படகுக்கு அரைமணி என்பது கழிமுகத்துக்குள் திரும்பிவிடும் நேரம்.

இந்தச் சாய்வைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. வேறு நாட்டில், வேறு திசைக் காற்றுக்கு, இந்தப் பிழை மக்களுக்குச் சாதகமாகக்கூட இருக்கலாம். நம் கரையில், சுமத்திரா காற்றுக்கு, அது எப்போதும் நமக்கு எதிராகவே இருக்கிறது.

இப்போது அந்தப் படம் கையில் இருக்கிறது. யார் என்ன செய்வது? இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான சேதி இருக்கிறது. ஒரே படம், ஆனால் மீனவருக்கு ஒரு முடிவு, தோட்டத்துக்கு வேறு முடிவு.

மீனவரை எடுத்துக்கொள்வோம். அவர் விடியலுக்கு முன் கிளம்புகிறவர். அவரை இழுப்பது கடிகாரம் மட்டுமல்ல, ஏற்றமும் வற்றமும். நம் கரை சேற்றுக் கரை. நீர் வற்றினால் கழிமுகத்தில் படகு தரை தட்டும். ஏற்றத்தில் போனால்தான் போக முடியும். அதை விட்டால் அடுத்த ஏற்றம் வரை அன்றைய பிழைப்பு நிற்கும். ஆகவே போகாமல் இருப்பது அவருக்குச் சும்மா கிடைப்பதல்ல. டீசலும் ஐஸும் வாங்கிவைத்த காசு, அன்றைய மீன், எல்லாம் போகிறது. இருந்தாலும் நான் சொல்கிறேன்: சந்தேகம் வந்தால் அவர் நிற்க வேண்டும். பத்து முறை நின்று அதில் ஆறு முறை காற்று வராமல் போனாலும் அவர் இழப்பது ஆறு நாள் மீன். போய், ஒரு முறை மாட்டிக்கொண்டால் இழப்பதைத் திரும்ப வாங்க முடியாது. சம்பான் படகுக்கு எதிரி மழை அல்ல. சில நிமிடத்தில் திசை மாறி 60 கிலோமீட்டர் வேகத்தில் அறையும் காற்றும், ஆழம் குறைந்த நீரில் அந்தக் காற்று எழுப்பும் நெருக்கமான அலையும்தான். ஏற்கெனவே வெளியே இருப்பவருக்கும் கணக்கு இருக்கிறது. வரிசை வந்து சேர ஒரு மணி நேரம் இருக்கிறது, கழிமுகம் போய்ச் சேர நாற்பது நிமிடம் போதும், ஆனால் நீர் வற்றிக் கிடக்கிறது. அப்போது கழிமுகத்தை நோக்கி ஓடுவது தப்பு. சேற்று மேட்டில் தட்டி, பக்கவாட்டில் காற்றை வாங்குவதைவிட, வலையை எடுத்துவிட்டு, சற்று ஆழமான நீரில் நங்கூரமிட்டு, முகப்பைக் காற்றுக்கு நேரே வைத்து அந்த ஒரு மணி நேரத்தைக் கடப்பது மேல்.

தோட்டத்துக்கு வருவோம். இந்த மாவட்டம் செம்பனைக்குப் பழைய வீடு. 1917இல் தென்னமரம் தோட்டத்தில், இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்தில்தான், இந்நாட்டில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் இங்கே ரப்பர். பால் மரத்துக் காலத்தில் விடியல் மழை என்றால் என்னவென்று இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். மரம் நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டின பிறகு மழை வந்தால் மங்கிலிருந்த பால் மழைநீரோடு ஓடும். பெரட்டுக் களத்தில் நின்று வானத்தைப் பார்த்தபடியே பாதி நாள் போகும். கூலி போகும்.

செம்பனைக்குக் கதை வேறு. விடியலில் மழை வந்தாலும் குலை குலையாகவே இருக்கிறது. ஆகவே படத்தைப் பார்த்ததும் வேலையை ரத்து செய்யக் கூடாது. மாற்றி அடுக்க வேண்டும். சுமத்திரா காற்று அடித்த நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அது காற்றிலிருந்த ஈரத்தையும் வெப்பத்தையும் கறந்துவிட்டுப் போகிறது. அதனால் அன்று பிற்பகலில் பெரும்பாலும் பெரிய இடிமழை எழுவதில்லை. மண் நனைந்திருக்கும், பிற்பகல் அமைதியாக இருக்கும். உரம் போட இதைவிட நல்ல பொழுது எது? யூரியாவைக் காய்ந்த மண்ணில் போட்டால் ஆவியாகப் போகிறது. கனமழைக்கு முன்னால் போட்டால் வாய்க்காலில் போகிறது. ஈரமண்ணில், கனமழை இல்லாத நாளில் போட்டால் வேருக்குப் போகிறது. ஆகவே, அதிகாலை 3 மணிப் படத்தில் உயிருள்ள வரிசையைப் பார்த்த மேலாளர், காலையில் போடவிருந்த உரத்தை நண்பகலுக்குத் தள்ளலாம். களைக்கொல்லி தெளிப்பதை அன்று அடியோடு விடலாம். இலை ஈரமாக இருக்கும்போது மருந்து வழிந்துவிடும், தெளித்த பிறகும் சில மணி நேரம் மழை இல்லாமல் இருக்க வேண்டும். குலை வெட்டுவதை மட்டும் இடி ஓயும் வரை நிறுத்த வேண்டும். இதில் மட்டும் தோட்டமும் மீனவரைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். அண்ணன்மார்களே, உங்கள் கையில் இருக்கும் அலுமினியக் கம்பம் மின்னலுக்கு நல்ல வழி. இடி கேட்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் நிற்கச் சொல்ல எந்த மண்டோருக்கும் உரிமை இல்லை.

செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயலுக்கு இந்தப் படம் கொஞ்சம்தான் உதவும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நேர் விதைப்புக்கு விதையை ஊறவைத்து முளை கட்ட ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்போது நீரிணையில் மேகமே பிறந்திருக்காது. வரிசை கண்ணில் படும்போது விதை ஏற்கெனவே முளைத்திருக்கிறது. ஆனால் விதைப்பதைச் சில மணி நேரம் தள்ளிப்போடலாம். நீர் வடித்த சேற்றில் தூவிய விதையைக் கனமழை ஓரத்துக்கு அடித்துப்போகாமல் காக்கலாம். கதிர் முற்றிய வயலில், அறுவடை இயந்திரம் மறுநாள் இறங்குமா, சேற்றில் புதையுமா என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். முற்றிய பயிர் காற்றில் சாய்வதை எந்தப் படமும் தடுக்காது.

செயற்கைக்கோள் பார்க்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அது மேகத்தின் கூரையைப் பார்க்கிறது. கூரைக்குக் கீழே வீசும் காற்றைப் பார்ப்பதில்லை. உயரம் எழாத மேகமும் நல்ல மழை தரும். அதன் உச்சி அவ்வளவு குளிராக இல்லாததால் இரவுப் படத்தில் அது கடலோடு கடலாக மங்கிக் கிடக்கும். அதைப் பிடிக்க ரேடார் வேண்டும். ரேடார் மழைத்துளியையே பார்க்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார்களில் ஒன்று நமக்கு அருகில் சுபாங்கில் இருக்கிறது. ஆகவே வரிசை தூரத்தில் இருக்கும்போது செயற்கைக்கோளைப் பாருங்கள். நெருங்கியதும் ரேடார் படத்துக்கு மாறுங்கள். ரேடாரில் நான் சொன்ன 15 கிலோமீட்டர் சாய்வுப் பிழை கிடையாது.

இவை இரண்டையும் நமக்காக இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வானிலைத் துறை வெளியிடும் இடிமழை எச்சரிக்கை, மலாய் மொழியில் அமாரான் ரிபுட் பெத்திர், உங்கள் கைப்பேசியில் myCuaca செயலியில் வரும். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அறிகுறி தெரிந்தால் அதைக் கொடுக்கிறார்கள். அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் அது செல்லும். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கோபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேற்று அந்த மேகம் பிறக்கவே இல்லையே! இன்றிரவு எந்த இடத்தில் வரிசை எழும் என்று நேற்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. பிறந்த பிறகு அதைத் தொடர்ந்து பார்க்க முடியும். செயற்கைக்கோள் நமக்குத் தருவது அந்த இரண்டு, மூன்று மணி நேரத்தைத்தான். அதை வீணாக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

ஆனால் பார்த்தால் மட்டும் போதுமா? பார்த்த சேதி படகுக்குப் போய்ச் சேர வேண்டாமா? இதற்கு நம் இனமே கண்ணீரோடு கொடுத்த சாட்சி இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் குமரிக் கடலில் ஒக்கி புயல் எழுந்தது. செயற்கைக்கோள்கள் அதைப் பார்த்தன. அது மிக வேகமாக வலுத்தது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள், கைப்பேசி அலை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தது; கடலில் ஒலிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதன் பிறகு, கைப்பேசி எட்டாத கடலிலும் செயற்கைக்கோள் வழியாகவே படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவியை இந்தியா 2019இல் வெளியிட்டது. பார்க்கும் செயற்கைக்கோள் அதற்கு முன்பே இருந்தது. சேதி சொல்லும் வழிதான் இல்லாமல் இருந்தது.

நம் நீரிணை குறுகியது. நம் சிறு படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் போவதில்லை. கைப்பேசியும் கடல் வானொலியும் பெரும்பாலும் எட்டும் தூரம்தான். ஆகவே நமக்குப் புதிய கருவி தேவையில்லை. விழித்திருக்கும் ஓர் ஆள் தேவை. கடலில் இருப்பவர் ஈரக் கையோடு, ஆடும் படகில், படத்தைத் திறந்து விளிம்பை அளந்துகொண்டிருக்க முடியாது. கரையில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, ஒவ்வொரு படகுத்துறையிலும் இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை முறை வைத்து ஒருவர் விழித்திருக்கட்டும். அவரிடம் அன்று கடலுக்குப் போனவர்களின் எண்கள் இருக்கட்டும். அரைமணிக்கு ஒரு முறை படத்தைப் பார்க்கட்டும். விளிம்பு 100 கிலோமீட்டருக்குள் வந்து, உயிரோடு இருந்தால், 15ஐக் கழித்துக்கொண்டு, தொலைபேசியை எடுக்கட்டும். தோட்டத்துக் காவலாளிகள் எப்படியும் இரவில் விழித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பெரட்டுக்கு முன்னால் மண்டோருக்குச் சேதி போகட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களை நள்ளிரவில் விழிக்கச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும், முந்தின இரவு 2 மணி, 3 மணி, 4 மணிப் படங்களை எடுத்துப் பாருங்கள். வரிசை இருந்ததா, எவ்வளவு தூரத்தில் இருந்தது, எத்தனை மணிக்கு வந்திருக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளித் திடலில் ஒரு மழைமானி வையுங்கள். வீட்டில் யாராவது விழித்திருந்தால் காற்று எத்தனை மணிக்கு அடித்தது என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பருவம் முழுவதும் எழுதிய அந்த நோட்டை அடுத்த ஆண்டு படகுத்துறைக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கோலசிலாங்கூருக்குக் கணக்கு எத்தனை நிமிடம் பிசகுகிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.